திருவிழா நேர அறிவிப்பு: வாட்ஸ்அப்பா, டெலிகிராமா?

எங்கள் சமுதாயக் கூடம் மதுரை தல்லாகுளம் பக்கம் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் அழகர் மலையிலிருந்து இறங்கி வந்து எதிர்சேவை நடக்கும் நாளில், கூடத்து வாசலில் நீர்மோர், பானகப் பந்தல் போடுவோம். பந்தலுக்கு ஆள் கூப்பிடுவதும், சாமி எந்நேரம் நம் பக்கம் வருவார் என்று தெருக்காரர்களுக்குச் சொல்வதும் என் பொறுப்பு. முன்கூட்டியே எழுதி, நேரம் குறித்து வைத்துவிட்டால் தானாகப் போய்விடும் என்று இரண்டு வழிகளையும் பார்த்தாகிவிட்டது. இப்போது நான் டெலிகிராம் கட்சி.

வாட்ஸ்அப் எல்லார் கையிலும் இருக்கிறது, அதில் வாதம் இல்லை. ஃபேஸ்புக் பக்கத்திலும் நேரம் குறித்து வைக்கலாம். ஆனால் அது தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்திக் காட்டும். நேற்று மாலை நிகழ்ச்சியை இன்று காலையில் பார்த்து என்ன பயன்?

முதல் வருடம் வாட்ஸ்அப் குழுவைத்தான் நம்பினோம். எங்கள் வாட்ஸ்அப்பில் நேரம் குறித்து அனுப்பும் வசதி இல்லாததால், தானாகத் திரையைத் தொட்டு அனுப்பும் ஒரு செயலியைக் கூடத்துப் போனில் போட்டோம். அது வேலை செய்ய, போன் விழித்திருக்க வேண்டும், பூட்டும் இருக்கக் கூடாது. எதிர்சேவை அன்று மதியம் யாரோ போனைப் பூட்டிவிட்டு சார்ஜில் போட்டுவிட்டார்கள். நான்கு மணி அறிவிப்பு போகவே இல்லை. ஆறு மணிக்கு நான் பார்த்துத்தான் தெரிந்தது. டெலிகிராமில் இந்தத் தொல்லை இல்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்து, நேரம் குறிக்கும் தெரிவைத் தொட்டால் நேரம் கேட்கும். குறித்த செய்தி அவர்களுடைய சர்வரில் இருக்கும். நம் போன் அணைந்திருந்தாலும் போய்ச் சேரும்.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் அது மட்டும் இல்லை. திருவிழா நேரம் மாறிக்கொண்டே இருக்கும். வழி நெடுக மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கூடினால் நம் தெருவுக்கு வரும்போது இரண்டு மணி நேரம் தள்ளிவிடும். அப்போது ஏற்கெனவே குறித்து வைத்த அறிவிப்பு பழைய நேரத்தைச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிடும். டெலிகிராமில் இன்னும் போகாத செய்தியைத் திறந்து திருத்தலாம், வேறு நேரத்துக்குத் தள்ளலாம். போன பிறகும் சேனலில் திருத்தலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. போன செய்தியைத் திருத்தினால் யாருக்கும் மணி அடிக்காது. முன்பே படித்தவர் பழைய நேரத்தையே மனதில் வைத்திருப்பார். ஃபார்வர்டு ஆன பிரதிகளும் மாறாது. அதனால் இப்போது நான் செய்வது இது: பழைய செய்தியில் நேரத்தைத் திருத்திவிட்டு, அந்தச் செய்திக்கே ரிப்ளையாக ‘நேரம் மாறியது’ என்று புதிதாக ஒன்று போடுவேன். செய்தியை நகலெடுத்து அனுப்பாமல், இணைப்பை மட்டும் பகிரச் சொல்லியிருக்கிறேன். இணைப்பைத் திறப்பவருக்குத் திருத்திய நேரம்தான் தெரியும். ‘இன்று’, ‘நாளை’ என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். தேதியும் கிழமையும் போடுவேன். நேரத்தை ‘மாலை 6 மணி வாக்கில்’ என்றுதான் எழுதுவேன். சாமி வருகைக்கு 6.10 என்று எழுதினால் நம்மைத்தான் திட்டுவார்கள்.

‘எங்க ஆத்தா போன்ல டெலிகிராம் இல்லையே’ என்பார்கள். பொதுச் சேனல் என்றால் செயலி இல்லாமலே t.me/s/ என்று எழுதி அதன்பின் சேனல் பெயரைச் சேர்த்து பிரவுசரில் திறக்கலாம். அந்த இணைப்பைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் மேலே பின் செய்து வைத்துவிட்டோம். பிரவுசரில் பார்ப்பவர்களுக்கு அறிவிப்பு மணி அடிக்காது. வந்து பார்த்தால்தான் உண்டு. எங்கள் தெருப் பெரியவர்களுக்கு அது போதும் என்று தோன்றுகிறது, ஆனால் ஒரு திருவிழா அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

தன்னார்வலர் அழைப்பில் மட்டும் டெலிகிராம் என்னைக் கவிழ்த்தது. சேனல் வாக்கெடுப்பில் யார் வாக்களித்தார் என்று தெரியாது. ‘மோர் கலக்க 9 பேர்’ என்று எண்ணிக்கை வந்தது; அந்த ஒன்பது பேர் யார் என்று யாரைக் கேட்பது? வாட்ஸ்அப் குழு வாக்கெடுப்பில் பெயரோடு காட்டும். ஆகவே ஆள் கூப்பிடுவது அங்கே, நேரம் சொல்வது இங்கே என்று பிரித்துவிட்டேன். ஒரு வாரம் முன்பு முதல் அழைப்பு, முந்தின நாள் மாலை நினைவூட்டல். இந்த இரண்டையும் கையால்தான் போடுகிறேன்.

பானகத்துக்கும் மோருக்கும் பெயர் குவிந்துவிட்டது. பாத்திரம் கழுவும் முறைக்கு மட்டும் எந்தச் செயலியிலும் ஆள் வரவில்லை. வீடு வீடாகப் போய்த்தான் கூப்பிட்டோம்.