முகமறியா அண்ணனும் அக்காவும்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

முன்பின் தெரியாத ஒருவரிடம் வழி கேட்கவோ, விலை பேசவோ, பேருந்தில் சற்று நகர்ந்து உட்காரச் சொல்லவோ நேரும்போது, தமிழில் பேச்சு பெரும்பாலும் ஓர் உறவுப்பெயரோடுதான் தொடங்குகிறது. அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் எழுத வேண்டியவர், அவர் கதையை மொழிபெயர்ப்பவராயினும் படத்துக்குச் சப்டைட்டில் எழுதுபவராயினும், நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். உறவுப்பெயரை நேரே பிரதர், சிஸ்டர், அங்கிள் என்று மாற்றலாம். சார், மேடம் என்று வைக்கலாம். அண்ணா, அக்கா என்பதை அப்படியே விடலாம். விளியை எடுத்துவிட்டு அதிலிருந்த மரியாதையை வாக்கியத்தின் வேறோர் இடத்தில் சேர்க்கலாம். இவற்றை ஒரே உரையாடலில் வைத்துப் பார்த்தால்தான் எது எங்கே தாங்கும், எங்கே உடையும் என்பது புலப்படும்.

காய்கறிச் சந்தையில் நடக்கும் பேச்சு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் இருபத்தைந்து வயது இளைஞர், விற்பவர் நாற்பதைக் கடந்த பெண்.

‘அக்கா, தக்காளி கிலோ எவ்வளவு?’
‘நாப்பது ரூபா தம்பி.’
‘கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்கக்கா.’
‘சரி, முப்பத்தஞ்சு குடு.’
(எடை போட்டபின்) ‘என்னம்மா இது, ரெண்டு அழுகலை உள்ள வச்சிருக்கீங்க?’

முதல் வழிப்படி இங்கே அக்கா ‘சிஸ்டர்’ ஆகிறார். பிரிட்டனில் வாழும் வாசகருக்கு அச்சொல் கன்னியாஸ்திரீயையோ மருத்துவமனை வார்டின் தலைமைச் செவிலியரையோதான் நினைவூட்டும். தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் நாம் செவிலியரை ‘சிஸ்டர்’ என்று அழைப்பதும் அந்த மரபிலிருந்து வந்ததே. ‘பிரதர்’ என்பதும் தேவாலயத்தையோ தொழிற்சங்க மேடையையோ கண்முன் கொண்டுவரும். பன்மையில் நிலைமை வேறு. 1893 செப்டம்பரில் சிகாகோ சமயப் பேரவையில் விவேகானந்தர் ‘அமெரிக்கச் சகோதரிகளே, சகோதரர்களே’ என்று தொடங்கியது ஆங்கிலத்தில் அழகாகவே பொருந்தியது, ஏனெனில் அது ஓர் அவையை நோக்கிய விளி. தக்காளிக் கடையில் ஒரே ஒருவரை நோக்கி அதையே சொன்னால் பேசுபவர் ஏதோ பிரசங்கம் செய்ய வந்தவர்போல் தோன்றுவார்.

இதைவிடப் பெரிய இழப்பு வயதுக் குறிப்பில் நேர்கிறது. தமிழில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்ற நான்குக்கும் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள் இருக்கின்றன. ‘எல்டர் பிரதர்’ என்று விளக்கம் சொல்லலாமே தவிர யாரையும் அப்படி அழைக்க முடியாது. தம்பியை ‘யங் மேன்’ என்று மாற்றுபவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆங்கிலத்தில் முதியவர் ஒருவர் ‘யங் மேன்’ என்று தொடங்கினால் அடுத்து வருவது பெரும்பாலும் கண்டிப்பு, ஆனால் நம் வியாபாரியின் ‘தம்பி’யிலோ ஒட்டுதல்தான் இருக்கிறது.

அங்கிள், ஆன்ட்டி இரண்டிலும் இடத்துக்கு இடம் பொருள் தலைகீழாகிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர், சீனர், மலாய்க்காரர் என்ற வேறுபாடின்றி டாக்சி ஓட்டுநரையும் உணவங்காடிக்காரரையும் அங்கிள், ஆன்ட்டி என்று ஆங்கிலத்திலேயே அழைப்பார்கள். அங்கே நடக்கும் கதைக்கு நேர்மாற்றமே மிகச் சரியான வழி. சென்னையில் அதே சொல்லில் வர்க்கம் ஒளிந்திருக்கிறது. அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரரை ‘அங்கிள்’ என்னும் அதே பிள்ளை, வாசலில் நிற்கும் ஆட்டோக்காரரை ‘அண்ணா’ என்கிறது, இருவருக்கும் ஒரே வயதாக இருந்தாலும். ஆகவே அந்த ‘அண்ணா’வை மொழிபெயர்ப்பாளர் அங்கிள் ஆக்கினால் எழுத்தாளர் காட்டிய கோடு அழிந்துவிடும். அமெரிக்காவில் இன்னும் கவனம் வேண்டும். அந்நாட்டின் தென்பகுதியில் வெள்ளையர்கள், வயதில் மூத்த கறுப்பினத்தவரை ‘மிஸ்டர்’, ‘மிஸஸ்’ என்று மதித்து அழைக்க மறுத்து, ‘அங்கிள்’, ‘ஆன்ட்’ என்று அழைத்த நீண்ட வரலாறு உண்டு. அங்கிள் பென்ஸ் அரிசியும் ஆன்ட் ஜெமைமா மாவும் அந்தப் பெயர்களைக் கைவிடுவதாக 2020இல் அறிவித்ததற்கு இந்த வரலாறே காரணம். நம் பக்கத்தில் மரியாதையாகச் சொல்லும் சொல், அங்கே ஒரு முதியவரின் காதில் அவமதிப்பாக விழக்கூடும்.

இரண்டாவது வழி சார், மேடம். இதில் தவறு நேர்வது அரிது, ஆனால் உறவின் நிறம் மாறிவிடுகிறது. இளைஞர் காய்கறிக்காரரிடம் ‘மேடம், ஹவ் மச் ஆர் த டொமேட்டோஸ்?’ என்று கேட்டால் சந்தை மறைந்து வங்கியின் கவுன்டர் எழுந்து நிற்கிறது. பிரிட்டனில் இச்சொற்களைப் பெரும்பாலும் கடைப்பணியாளர்தான் வாடிக்கையாளரிடம் சொல்வார், ஆகவே இங்கே திசையும் மாறிப்போகிறது. ‘ஐயா’, ‘பெரியவரே’ போன்ற விளிகளுக்கு மட்டும் ‘சார்’ நன்றாகப் பொருந்தும், ஏனெனில் அவற்றில் நெருக்கத்தைவிட மதிப்பே முந்தி நிற்கிறது.

மூன்றாவது, தமிழ்ச்சொல்லை அப்படியே விடுவது. நாவலிலும் சிறுகதையிலும் நான் விரும்புவது இதையே. ‘அக்கா’ என்பது முதலில் வரும் இடத்தில் வாசகர் சற்றே தடுமாறினாலும், அந்தப் பெண் பதிலுக்குத் ‘தம்பி’ என்றதும் பாதி விளங்கிவிடும். மூன்றாம் முறை வரும்போது விளக்கமே வேண்டியிராது. சப்டைட்டிலுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது: பார்ப்பவரின் காதில் ‘அக்கா’ விழுகிறது, திரையிலும் அதுவே இருக்கிறது. வரிக்கு ஏறத்தாழ 42 எழுத்துகளே கிடைக்கும் இடத்தில் அச்சொல் ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளை மட்டுமே பிடிக்கும். ஆனால் இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. அண்ணா, அண்ணே, அண்ணாச்சி, யாழ்ப்பாணத்து அண்ணை, கொங்குப் பக்கத்து மாமா, ஆத்தா என எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே போனால் பக்கம் சொற்பட்டியலாகிவிடும். சிலவற்றுக்கு ஊர் மாறினால் பொருளும் மாறும். கொங்கில் அன்போடு சொல்லும் ‘மாமா’ சென்னைத் தெருவில் வசையாகவும் ஒலிக்கும். எழுத்தாளர் எந்த ஊரின் சொல்லைக் கொண்டு எதை உணர்த்துகிறார் என்று பார்த்து, கதைக்கு இன்றியமையாத இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்வதே நல்லது.

நான்காவது வழிதான் ஆங்கிலத்தின் இயல்புக்கு மிக நெருக்கமானது, ஆனால் அதை ‘விளியை விட்டுவிடுவது’ என்று மட்டும் புரிந்துகொள்பவர்கள் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். மரியாதை குறித்த ஆய்வில் இன்றும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படும் பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் இருவரின் 1978ஆம் ஆண்டு ஆய்வுக்குக் கோவை மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் பேச்சுத் தமிழும் ஒரு சான்றாக அமைந்தது. அவர்கள் மரியாதையை இரண்டாகப் பிரித்தார்கள்: கேட்பவரை நம்மவராக்கிக்கொள்ளும் மரியாதை ஒன்று, அவருக்குத் தொந்தரவு தராமல் விலகி நிற்கும் மரியாதை மற்றொன்று. ‘அக்கா’ முதல் வகையைச் சேர்ந்தது. அறிமுகமற்றவரிடம் எதையாவது கேட்கும்போது ஆங்கிலம் பெரும்பாலும் இரண்டாம் வகையை நாடுகிறது. அதை விளியில் காட்டாமல் ‘குட் யூ’, ‘உட் யூ மைண்ட்’ போன்ற வினைத்தொடர்களில் காட்டுகிறது. எனவே தமிழில் விளியும் ‘-ங்க’ விகுதியும் ‘கொஞ்சம்’ என்ற சொல்லும் சேர்ந்து செய்கிற வேலையை ஆங்கிலத்தில் வினையிடம் ஒப்படைக்க வேண்டும்.

நம் உரையாடலுக்கு வருவோம். முதல் ‘அக்கா’ ஒருவரின் கவனத்தைத் திருப்புவதற்கான அழைப்பு. அதற்கு ‘எக்ஸ்க்யூஸ் மீ’ போதும், கடையில் அதுகூட வேண்டாம், ‘ஹலோ’ என்றாலே போதும். ‘பார்த்துப் போட்டுக் குடுங்கக்கா’ என்பதில் வரும் ‘அக்கா’ அழைப்பு அல்ல, ஏனெனில் அந்தப் பெண் ஏற்கெனவே இவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது விலையைக் குறைக்கச் சொல்லும் வேண்டுதலை மென்மையாக்க வந்தது. அங்கே ‘குடன்ட் யூ டூ எ லிட்டில் பெட்டர்?’ என்றால், ‘கொஞ்சம்’, ‘-ங்க’, ‘அக்கா’ மூன்றின் பணியையும் அந்தத் தொடர் சுமந்துவிடும். இதே இடத்தில் ‘ப்ளீஸ்’ மட்டும் சேர்த்து ‘கிவ் இட் ஃபார் லெஸ் ப்ளீஸ்’ என்றால் அது கட்டளையாகவே கேட்கும், ஏனெனில் ஏவல் வினையின் கூர்மையை அந்த ஒரு சொல்லால் மழுக்க முடியாது. தமிழர் பலரின் ஆங்கிலம் அவர்கள் நினைக்காமலேயே கடுமையாக ஒலிப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு. மனத்துக்குள் ‘-ங்க’ இருக்கிறது, வாயிலிருந்து வெறும் ஏவல் வருகிறது.

கடைசி வரி மிக நுட்பமானது. அதுவரை அக்காவாக இருந்தவர் ‘என்னம்மா இது’வில் அம்மா ஆகிவிட்டார். சொல் அளவில் அம்மா அக்காவைவிட உயர்ந்தது, ஆனால் இங்கே அது நெருக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அடையாளம். ‘-ங்க’ மட்டும் இன்னும் நிற்பதால் சண்டை தொடங்கவில்லை. இதை ‘மதர்’ என்று எழுதுவது முற்றிலும் பிழை, ‘மேடம்’ என்பதும் சரியாகாது. விளியை நீக்கிவிட்டு ‘நவ் லுக், யூ’வ் புட் டூ ராட்டன் ஒன்ஸ் இன் ஹியர்’ என்று எழுதினால் குரலின் மாற்றம் வந்துவிடும். மூன்றாம் வழியில் அக்காவை அப்படியே வைத்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே கூடுதல் பலன் கிடைக்கிறது. முந்திய வரிகளில் இருந்த ‘அக்கா’ இவ்வரியில் இல்லை என்பதை வாசகர் தாமே கவனிப்பார்.

ஆகவே, நாமே ஆங்கிலம் பேசும்போது நான்காவது வழியையும், உறவின் ஏற்ற இறக்கம் முக்கியமான இலக்கியத்துக்கும் படத்துக்கும் மூன்றையும் நான்கையும் கலந்தும், சிங்கப்பூர்க் கதைக்கு முதல் வழியையும் பரிந்துரைப்பேன். ஓர் இடத்தில் மட்டும் மரியாதையைவிடப் பெரிய ஒன்று இதில் அடங்கியிருக்கிறது: காவல்துறை விசாரணை, நீதிமன்றம், அகதி விண்ணப்ப நேர்காணல். ‘அந்த அண்ணாதான் என்னைப் படகில் ஏற்றிவிட்டார்’ என்று ஒருவர் சொல்வதை ‘மை பிரதர்’ என்று பெயர்த்துவிட்டால், விண்ணப்பத்தின் குடும்பப் பட்டியலில் அப்படி ஒரு சகோதரர் இல்லை என்ற கேள்வி எழும். விண்ணப்பித்தவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார் என்றும் பதிவாகலாம். இங்கே மொழிபெயர்ப்பாளர் தாமாக ‘எ மேன்’ என்று மாற்றுவதும் கூடாது, ஏனெனில் அவர் உண்மையில் கூடப்பிறந்தவராகவே இருக்கவும் கூடும். ‘அண்ணா’ என்ற சொல்லை அப்படியே உச்சரித்து, அது மூத்த சகோதரரையும் உறவில்லாத ஆணையும் குறிக்கும் என்று அதிகாரியிடம் கூறி, ‘அவர் உங்கள் கூடப்பிறந்தவரா?’ என்று கேட்க அனுமதி பெற்று, கிடைக்கும் பதிலைப் பதிவில் சேர்க்கச் செய்ய வேண்டும்.