7.6-க்கு ஜெர்மனியில் என்ன மதிப்பு?

இந்த முறை மியூனிக்கிலிருந்து சென்னை வந்தபோது அக்கா மகனின் மேற்படிப்பு விண்ணப்ப வேலையும் என் தலையில் விழுந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில், 2013 ரெகுலேஷன் என்கிற பாடத்திட்ட விதிகளின்படி பி.இ. முடித்தவன். சிஜிபிஏ 7.6. அவன் குறிவைத்திருந்த படிப்புக்கு ஜெர்மன் கணக்கில் 2.5-க்குள் இருக்க வேண்டும். அங்கே எண் குறையக் குறைய நல்லது: 1.0 உச்சம், 4.0 பாஸ்.

பாரிமுனையில் ஒரு மொழிபெயர்ப்புக் கடையில் கொடுத்தோம். வேலை வேகம்தான், மறுநாளே ஜெர்மனில் அடித்து, முத்திரை குத்தி, நோட்டரி கையெழுத்தோடு தந்துவிட்டார்கள். ஆனால் கடைசிப் பக்கத்தில் கேட்காமலேயே ஒரு கிரேடு அட்டவணை. O என்றால் 10, A+ என்றால் 9 என்று இறங்கி, B 6-ல் முடிகிறது. பையனின் மார்க் ஷீட்டிலோ O-வே கிடையாது. S-ல் தொடங்கி E வரை போகிறது.

"அண்ணா யுனிவர்சிட்டின்னா எல்லாருக்கும் இதைத்தான் சார் வைக்கிறோம்" என்றார் கடைக்காரர். அவர் வைத்தது 2017 ரெகுலேஷனின் அட்டவணை.

இதில் என்ன போயிற்று என்று தோன்றலாம். ஜெர்மனியில் வழக்கமாகப் போடும் 'திருத்திய பவேரியச் சூத்திரம்' மூன்று எண்களைக் கேட்கும்: உச்ச மதிப்பு, மாணவர் வாங்கியது, பாஸ் ஆகக் குறைந்தபட்சம் வேண்டியது. 2013-ல் 50 முதல் 56 மார்க் வரை E, அதற்கு 5 புள்ளி. 2017-ல் 50 முதல் 60 வரை மொத்தமும் B, 6 புள்ளி. ஆக, பாஸுக்கான புள்ளி ஒன்றில் 5, இன்னொன்றில் 6.

```
1 + 3 × (10 − 7.6) ÷ (10 − 5) = 2.44
1 + 3 × (10 − 7.6) ÷ (10 − 6) = 2.8
```

முதல் கணக்கில் உள்ளே, இரண்டாவதில் வெளியே. பையன் எழுதிய பரீட்சை என்னவோ ஒன்றுதான்.

எழுத்துகளும் குழப்பும். அவனுக்கு B என்றால் 8. அந்த அட்டவணையில் 6. அவன் வாங்கிய ஒரு D அதில் இல்லவே இல்லை. பார்ப்பவர் பெயில் என்று நினைத்தால் யாரைச் சொல்வது? போதாக்குறைக்கு '76 சதவீதம்' என்று ஒரு வரி வேறு. மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பவர் கணக்குப் போட்டுச் சேர்க்கக் கூடாது.

அட்டவணையையும் சதவீத வரியையும் எடுக்கச் சொன்னோம். பதிலுக்குப் பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷனிலிருந்து கிரேடு பக்கத்தை அப்படியே வைத்தோம். மார்க் ஷீட்டை முன்னும் பின்னும் ஸ்கேன் செய்தோம். பல பல்கலைக்கழகங்களில் அளவுகோல் பின்பக்கத்தில்தான் இருக்கும், கடைகளில் அதை விட்டுவிடுவார்கள். அப்புறம் படிப்பின் விண்ணப்பக் குறிப்பை நிதானமாகப் படித்தால், ஆங்கிலத்தில் இருக்கும் மூலச் சான்றிதழே போதும் என்று போட்டிருக்கிறது. அக்கா கட்டிய மொழிபெயர்ப்புக் காசு போனது போனதுதான். கடைக்காரர் பக்கத்தை மாற்றித் தரப் பணம் கேட்கவில்லை; நோட்டரிக்கு மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.