மின்னுகிற 4L விளக்கு: ஏலத்தோட்டப் பாதையில் ஆறு வருடம்

போடிமெட்டு ஏறி பூப்பாறை தாண்டினால் எங்கள் ஏலத்தோட்டம். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து கொட்டகை வரை இரண்டு கிலோமீட்டர் கல்லும் சேறும்தான். அதற்காகவே ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. 2H, 4H, 4L என்று திருப்புகிற நாப்: 2H-இல் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், 4H-இல் நான்கும், 4L என்கிற லோவில் நான்கும் மெதுவாக, அதிக இழுவையோடு. பின் சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுற்றவைக்கத் தனியாக ஒரு டிஃப் லாக் பட்டன். வண்டியைப் பற்றி நிறையச் சொல்லலாம். நான் சொல்ல வந்தது மீட்டரில் எரிகிற விளக்குகளைப் பற்றி மட்டும்.

முதல் வருடம் முழுக்க, நாப்பைத் திருப்பினால் லோ விழுந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். இரண்டாவது வருடம் ஆடி மழையில் அந்த நினைப்பு போனது. பின்னால் உர மூட்டைகள். இறக்கத்தின் தலையில் நின்று, நியூட்ரலில் வைத்து 4L-க்குத் திருப்பினேன். விளக்கு மின்னத் தொடங்கியது. அது நிலையாக எரியும்வரை காத்திருக்காமல் முதல் கியர் போட்டு பிரேக்கை விட்டேன். அடியில் கரகரவென்று ஒரு சத்தம். கிளட்சை முழுக்க விட்ட பிறகும் வண்டி கியரே இல்லாததுபோல் உருண்டது. கால் பிரேக்கையும் ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்துத்தான் நிறுத்தினேன்.

பின்னால் வந்த சூரியநெல்லி ஜீப் அண்ணன் இறங்கி வந்து மீட்டரைப் பார்த்தார். “தம்பி, மின்னிக்கிட்டு இருந்தா உள்ள இன்னும் விழலைன்னு அர்த்தம். முதல்ல ஹேண்ட் பிரேக்க போடுங்க” என்றார்.

கியர்பாக்ஸிலிருந்து வரும் இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். அதில் ஹைக்கும் லோவுக்கும் நடுவில் எதுவும் சேராத ஓர் இடம் இருக்கிறது. பல்லுக்குப் பல் நேராக வரவில்லையென்றால் மாற்றம் பாதியிலேயே நின்றுவிடும். அப்போது எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு கிடையாது. எந்தக் கியரில் வைத்தாலும் வண்டியைப் பிடிக்காது, எஞ்சின் பிரேக்கிங்கும் இருக்காது. லிவர் வைத்த பழைய ஜீப்பில் அந்த இடத்துக்கு N என்றே போட்டிருக்கும். நாப் வண்டியில் அதைச் சொல்வது மின்னுகிற விளக்கு மட்டுமே.

அதனால் இப்போதெல்லாம் இறக்கத்துக்கு முன்பே, சமதளத்தில் லோ போட்டுவிடுகிறேன். வண்டி முழுக்க நிற்க வேண்டும், கிளட்ச் மிதித்து நியூட்ரல், அப்புறம் நாப். தொடர்ந்து மின்னினால் பிரேக்கை விடாமல் முதல் கியருக்கு ஒரு தரம் தள்ளி மறுபடி நியூட்ரலுக்கு வருவேன். உள்ளே பல் கொஞ்சம் நகர்ந்து பெரும்பாலும் விழுந்துவிடும். விளக்கு நிலையாக எரிந்தால்தான் கிளம்புவேன்.

டிஃப் லாக் விளக்கு மஞ்சள் நிறம். நான்கு சக்கரப் படத்தில் பின் அச்சின் நடுவே ஒரு பெருக்கல் குறி இருக்கும். என் வண்டியில் அது 4L-இல் மட்டுமே வேலை செய்யும். பின் சக்கரம் ஒன்று பள்ளத்தில் தொங்கிச் சும்மா சுழன்றால், ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சக்கரம் நின்ற பிறகுதான் பட்டனை அழுத்த வேண்டும். சுழலும்போது அழுத்தினால் உள்ளே அடி வாங்கும். இதுவும் முதலில் மின்னும். ஓரடி மெதுவாக நகர்ந்தாலோ ஸ்டியரிங்கை லேசாக இடவலம் ஆட்டினாலோ நிலைத்துவிடும். கூடவே ABS விளக்கும் எரியும். முதல் தடவை பார்த்துப் பயந்தேன். லாக் இருக்கும்வரை ABS வேலை செய்யாது என்பதற்கான அறிவிப்புதான் அது. பட்டனை எடுத்த பிறகும் இரண்டும் அணையாவிட்டால் லாக் இன்னும் விடவில்லை. அப்படியே தார் ரோட்டுக்கு வந்து போடிமெட்டு வளைவில் இறங்கக் கூடாது. ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும்.

லோவை எடுப்பதும் மண்ணில் இருக்கும்போதே நடக்க வேண்டும். ஒருமுறை தாரில் ஏறித் திரும்பிய பிறகு 2H போட்டேன், விளக்கு அணையவே இல்லை. முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிப் பிடித்திருந்தன. நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுத்ததும் டக்கென்று விட்டது.

நாலாவது வருடம் வேறு மாதிரி. லோ விழுந்திருந்தும் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலுள்ள கனெக்டரில் சேறு புகுந்து பச்சை பூத்திருந்தது. அதைக் கண்டுபிடித்தது இப்படித்தான்: சமதளத்தில் முதல் கியரில் ஆக்ஸிலரேட்டர் தொடாமல் விட்டேன். லோவில் வேகம் ஹையில் போவதில் பாதிகூட வராது, கூடவே நடக்கிற ஆள் வண்டியைத் தாண்டிவிடலாம். வண்டி அப்படித்தான் ஊர்ந்தது. லோ விழுந்திருக்கிறது, கோளாறு விளக்கு வயரில்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது மழைக்கு முன் அந்தக் கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறேன். வெயில் காலத்திலும் மாதம் ஒருமுறை மண்ணில் லோ போட்டு எடுக்கிறேன்.