பாதிக்கப்பட்டவர் பேசலாம், எதுவரை? ஹேக், நோம் பென் நீதிமன்றங்கள் ஓர் ஒப்பீடு

1947-ல் இங்கே சிங்கப்பூரின் விக்டோரியா நினைவு மண்டபத்தில், ஜப்பானிய ஆக்கிரமிப்பின்போது சீனர்கள் கொல்லப்பட்ட சூக் சிங் படுகொலை வழக்கு நடந்தது. பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஏழு ஜப்பானிய அதிகாரிகளை விசாரித்து இருவருக்கு மரண தண்டனையும் ஐவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. தண்டனை போதாது என்று சீனச் சமூகம் கொதித்தது. ஆனால் அந்த ஆதங்கத்தை நீதிமன்றத்துக்குள் எடுத்துச் சொல்ல அவர்களுக்கு வழியில்லை. உயிர் தப்பியவர்கள் சாட்சிகளாக மட்டுமே வர முடிந்தது.

இன்றைக்கும் சிங்கப்பூரில் குற்ற வழக்கை நடத்துவது பெரும்பாலும் அரசுத் தரப்புதான். தண்டனை விதிக்கும் கட்டத்தில் பாதிக்கப்பட்டவரின் பாதிப்பு அறிக்கையை நீதிபதி பார்க்கலாம், இழப்பீடு தரும்படி உத்தரவிடலாம். அதற்குமேல் போனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் இரண்டு தரப்புகளை எதிர்த்து வாதாட வேண்டியிருக்கும் என்பது நம் சட்ட மரபின் பயம். அது நியாயமான பயமா என்று பார்க்க இரண்டு வழக்குகள் உதவும்.

முதலாவது ஹேக். அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம் (சிங்கப்பூர் இதில் சேரவில்லை) 68-வது பிரிவில், பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் நலன் தொடப்படும் இடங்களில் கருத்துச் சொல்லலாம் என்கிறது. அதே வாக்கியத்திலேயே குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமைக்குப் பங்கம் வரக்கூடாது என்றும் கட்டுகிறது. அவர்கள் வழக்கின் ஒரு தரப்பு அல்ல, பங்கேற்பவர்கள்.

காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்கா வழக்கில் இந்தக் கட்டு சோதிக்கப்பட்டது. 15 வயதுக்குட்பட்ட சிறுவர்களைப் படையில் சேர்த்துப் போரில் பயன்படுத்தினார் என்பதுதான் குற்றச்சாட்டு. 129 பேர் வழக்கறிஞர்கள் மூலம் பங்கேற்றார்கள். விசாரணை பாதியில் இருந்தபோது, சிறுமிகள் பாலியல் அடிமைகளாக நடத்தப்பட்டதையும் கணக்கில் எடுக்கவேண்டும் என்று அந்த வழக்கறிஞர்கள் கேட்டார்கள். சாட்சிகளே அதைச் சொல்லியிருந்தார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. விசாரணை நீதிபதிகளில் பெரும்பான்மையினர் அதற்குக் கதவைத் திறந்தார்கள். 2009 டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு மூடிவிட்டது: குற்றச்சாட்டில் எழுதப்படாத சம்பவங்களைக் கொண்டு ஒருவரைத் தண்டிக்க முடியாது.

அந்தச் சிறுமிகளுக்கு இது பெரிய இழப்பு. இருந்தாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று தெரியாமல் தற்காப்பு வழக்கறிஞர் எப்படிக் குறுக்கு விசாரணை செய்வார்? தவறு குற்றச்சாட்டை எழுதிய இடத்தில் நடந்தது. அதை நடுவழியில் குற்றஞ்சாட்டப்பட்டவரின் செலவில் திருத்த முடியாது.

இன்னொன்றும் நடந்தது. பங்கேற்றவர்களில் மூவர் நேரில் சாட்சி சொன்னார்கள். தற்காப்புத் தரப்பு அவர்களின் அடையாளத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. 2012 தீர்ப்பில் நீதிபதிகள் அவர்களின் சாட்சியத்தை நம்ப மறுத்து, பங்கேற்கும் உரிமையையும் திரும்பப் பெற்றார்கள். குறுக்கு விசாரணை இல்லாவிட்டால் அது வெளிவந்திருக்காது.

இரண்டாவது நோம் பென். கம்போடியாவை 1970-களில் ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியின் குற்றங்களை விசாரித்த நீதிமன்றம் பிரெஞ்சு மரபில் வந்தது. அங்கே பாதிக்கப்பட்டவர் வழக்கின் ஒரு தரப்பாகவே சேர முடிந்தது. அந்த ஆட்சியின் சித்திரவதைச் சிறையான S-21-க்குத் தலைவராக இருந்த டுச் மீதான வழக்கில் சுமார் 90 பேர் அப்படிச் சேர்ந்தார்கள். அவர்களின் வழக்கறிஞர்கள் டுச்சையும் நேரடியாகக் கேள்வி கேட்டார்கள். 2009 ஆகஸ்டில், டுச்சின் குணநலன் பற்றிக் கேட்கவோ தண்டனை பற்றி வாதாடவோ அவர்களுக்கு உரிமை இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். கோபத்தில் பலர் சில நாட்கள் விசாரணையைப் புறக்கணித்தார்கள்.

என்னை அதிகம் வருத்துவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். 2010 ஜூலையில் தீர்ப்பு சொல்லும் நாளில், 24 பேர் தகுதியை நிரூபிக்கவில்லை என்று ஒதுக்கப்பட்டார்கள். மாதக்கணக்கில் தரப்பாக உட்கார்ந்திருந்தவர்களுக்கு அன்றுதான் அது தெரியவந்தது. மேல்முறையீட்டில் சிலர் மட்டும் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். இது டுச்சுக்கும் நியாயமில்லை: தகுதி உறுதியாகாதவர்களின் வழக்கறிஞர்களுக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த வழக்குக்குள் நீதிமன்றம் விதிகளை மாற்றியது. தகுதி புலனாய்வுக் கட்டத்திலேயே முடிவாயிற்று, ஏறத்தாழ 3,900 பேருக்கும் சேர்த்து முதன்மை வழக்கறிஞர்கள் பேசினார்கள்.

ஆக, நம் சட்ட மரபின் பயம் பாதிதான் சரி. பாதிக்கப்பட்டவர் பேசுவதால் மட்டும் விசாரணை கோணலாகிவிடவில்லை. யார் பேசலாம் என்பதும் எதைப் பற்றிப் பேசலாம் என்பதும் விசாரணைக்கு முன்பே முடிவாகாதபோதுதான் கோணலானது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஹேக் முறையைத்தான் எடுப்பேன், தகுதிச் சோதனையை மட்டும் நோம் பென்னின் திருத்திய முறைப்படி முன்கூட்டியே கறாராக முடித்துவிட்டு.

இழப்பீட்டில் மட்டும் இரண்டுமே ஒரே இடத்தில் சிக்குகின்றன. இரண்டிலும் நீதிமன்றம் இழப்பீட்டு உத்தரவு போட, குற்றம் நிரூபணமாக வேண்டும். டுச்சிடம் பணம் இல்லாததால் பெயர்களைத் தீர்ப்பில் பதிப்பதும் அவர் கேட்ட மன்னிப்பைத் தொகுத்து வெளியிடுவதும்தான் கிடைத்தது. ஹேக்கில், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் தன் படையினர் செய்த குற்றங்களுக்காக விசாரிக்கப்பட்ட காங்கோ தலைவர் பெம்பாவின் வழக்கில் 5,000-க்கும் அதிகமானோர் பங்கேற்றார்கள். 2018-ல் மேல்முறையீட்டில் அவர் விடுதலையானதும் இழப்பீட்டு நடவடிக்கை நின்றுபோனது. பாதிக்கப்பட்டோருக்கான அறக்கட்டளை நிதி, தீர்ப்பைச் சாராத தன் உதவித் திட்டத்தின் வழியே மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் உதவ முன்வந்தது. அந்த வழியைத்தான் பெரிதாக்க வேண்டும். ஆயிரக்கணக்கானோரின் மருத்துவச் செலவு ஒருவரின் தண்டனையில் தொங்கும்வரை, அவரை விடுதலை செய்யவேண்டிய நீதிபதியின் மேல் இருக்கக்கூடாத பாரம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும்.