எட்டு பைட்டில் தொங்கிய பக்கங்கள்: வீட்டு ரவுட்டரில் ஐபிவி6, ஒன்றரை வருட அனுபவம்

தலவாக்கலையில் எங்கள் வீட்டுக்கு இன்னும் ஃபைபர் வரவில்லை. பழைய டெலிபோன் கம்பியில்தான் இணையம் ஓடுகிறது. கம்பெனி கொடுத்த பெட்டியின் வைஃபை பின் அறைச் சுவரைத் தாண்டாது. அதனால் கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி, கம்பெனிப் பெட்டியை வெறும் மோடமாக மட்டும் வைத்துக்கொண்டேன். ரவுட்டரின் வேகம், வைஃபை எட்டும் தூரம் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஒன்றரை வருடத்தில் அது என்னைப் படுத்திய பாடு ஒரே ஒரு விஷயத்தில்தான்: இணைய முகவரிகளின் புது முறையான ஐபிவி6. அதைத்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் மாதம் ரவுட்டரின் மென்பொருளைப் புதுப்பித்தேன். அடுத்த நாளிலிருந்து சில தளங்கள் திறக்க மறுத்தன. சில மட்டும்தான், அதுதான் வேடிக்கை. யூடியூப் ஓடும், ஃபேஸ்புக் ஓடும், வங்கித் தளமும் உடனே வரும். ஆனால் தங்கச்சி விண்ணப்பம் போட வேண்டிய ஒரு தளம் வெள்ளையாகவே நிற்கும். சக்கரம் சுற்றும், சுற்றும், கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று பிழை வரும். அதே தளம் அவளுடைய போனில் டேட்டா போட்டால் நொடியில் திறக்கும்.

அது ஜூன் மாதம். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கம் இணையம் மக்கர் பண்ணினால் யாரும் முதலில் சொல்வது, "மழைக்கு லைன் நனைஞ்சிருக்கும்." நானும் அதையே நம்பினேன். கம்பெனிக்கு அழைத்தால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டேன், பத்து தடவை. மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் லைன் வேகம் வழக்கம் போலத்தான் இருந்தது. நனைந்த லைன் என்றால் எல்லாத் தளமும் ஒன்றாகத் திணற வேண்டும். சில தளங்களை மட்டும் பார்த்துப் பிடிக்க மழைக்குத் தெரியாதே!

துப்பு கொடுத்தது ஃபயர்ஃபாக்ஸ். பக்கம் தொங்கும்போது ஜன்னலின் கீழ் மூலையில் `Performing a TLS handshake to` என்று தளத்தின் பெயரோடு ஒரு வரி வந்து அப்படியே நிற்கும். அப்படியென்றால் பெயரைத் தேடி முகவரி கிடைத்துவிட்டது, தளத்தின் கணினியோடு தொடர்பும் ஏற்பட்டுவிட்டது. அதற்கு அடுத்த படியில், பாதுகாப்பான பேச்சைத் தொடங்கும் இடத்தில்தான் சிக்கல். `about:config` பக்கத்தில் `network.dns.disableIPv6` என்பதை `true` ஆக்கிப் பார்த்தேன். தங்கச்சியின் தளம் உடனே வந்து நின்றது. மென்பொருள் புதுப்பித்ததில் ஐபிவி6 தானாகவே ஆன் ஆகியிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது.

இதற்கு மேல் தோண்டாமல் ரவுட்டரில் ஐபிவி6-ஐ அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். அன்றைக்கு ராத்திரி அதைத்தான் செய்தேன், விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு ஐபிவி6 வேண்டும். எங்கள் கம்பெனி பழைய முறையான ஐபிவி4-இல் ஒரே முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பதால், வெளியூரில் இருந்து வீட்டுக் கணினிக்குள் வர எனக்கு வேறு நேர்வழி இல்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு சோதனை செய்தேன். முதல் சோதனை விண்டோஸில் பிங், அதாவது தளத்தைத் தட்டிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. சாதாரண பிங் ஒழுங்காகப் போய் வந்தது. அதனால்தான் பலரும் "ஐபிவி6 நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஏமாந்துபோகிறார்கள். இணையத்தில் எல்லாம் பொட்டலம் பொட்டலமாகத்தான் போகும், சாதாரண பிங் சின்னப் பொட்டலம். பெரிய பொட்டலம் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

```
ping -6 -l 1444 தளத்தின்-பெயர்
ping -6 -l 1452 தளத்தின்-பெயர்
```

1444-க்குப் பதில் வந்தது. 1452-க்கு நான்கு தடவையும் `Request timed out`. நடுவில் ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன், 1445-லேயே நின்றுவிட்டது. கணக்கு இதுதான். நாம் கொடுக்கும் எண்ணோடு ஐபிவி6 தலைப்புக்கு 40 பைட், பிங்கின் தலைப்புக்கு 8 பைட் சேரும். 1444-உம் 48-உம் 1492. என் லைன் பயன்படுத்துவது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் PPPoE என்று போட்டிருக்கும் இணைப்பு முறை. அது ஒவ்வொரு பொட்டலத்திலும் தனக்கென்று 8 பைட்டை எடுத்துக்கொள்ளும். ஆகவே வழக்கமான 1500-க்குப் பதிலாக 1492-தான் அந்தக் குழாயில் நுழையும்.

இரண்டாவது சோதனை, தொங்கும் தளத்தை இப்படிக் கூப்பிடுவது:

```
curl -6 -v https://தளத்தின்-பெயர்/
```

இணைந்துவிட்டேன் என்று சொல்லும், பிறகு மௌனம். `-6` என்பதை `-4` ஆக்கினால் பக்கம் முழுதும் கொட்டும்.

உள்ளே நடப்பது இதுதான். தொடர்பு தொடங்கும்போது இரு பக்கமும் "எனக்கு இவ்வளவு பெரிய பொட்டலம் வரை அனுப்பலாம்" என்று சொல்லிக்கொள்ளும். என் மடிக்கணினிக்குத் தெரிந்தது வீட்டு வைஃபை மட்டும்தான். அதில் 1500 போகும் என்பதால் அந்தக் கணக்கிலேயே சொல்லிவிடுகிறது. அறிமுகப் பேச்சு எல்லாம் சின்னப் பொட்டலம், தடையில்லாமல் போய்வரும். அடுத்து தளம் தான் யார் என்று காட்டும் சான்றிதழை அனுப்புகிறது. அது சில ஆயிரம் பைட், ஆகவே முழு 1500 அளவுப் பொட்டலங்களாக வரும். கம்பெனியின் முனைக்கு வந்ததும் குழாய்க்குள் நுழைய முடியாமல் விழுந்துவிடும்.

ஐபிவி4-இல் வழியிலுள்ள ரவுட்டர் தேவைப்பட்டால் பொட்டலத்தை வெட்டி அனுப்பலாம். ஐபிவி6-இல் வழியில் யாரும் வெட்டக் கூடாது. அதற்குப் பதிலாக "பொட்டலம் பெரிசு, 1492-க்குக் குறைத்து அனுப்பு" என்று அனுப்பியவருக்குத் தகவல் போக வேண்டும். அந்தத் தகவல் நடுவில் எங்கோ தடுக்கப்பட்டால் தளத்துக்கு ஒன்றும் தெரியாது. அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். நாம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்போம்.

உலாவிகளில் ஐபிவி6 வேலை செய்யாவிட்டால் கால் நொடி அளவில் ஐபிவி4-ஐயும் முயன்று பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அது ஏன் கைகொடுக்கவில்லை? அது பார்ப்பது தொடர்பு ஏற்பட்டதா என்பதை மட்டும். இங்கே தொடர்பு ஏற்பட்டுவிடுகிறதே. ஐபிவி6 ஜெயித்துவிட்டது என்று அதையே பிடித்துக்கொள்ளும். யூடியூபும் ஃபேஸ்புக்கும் தப்பித்ததற்குக் காரணம் வேறு. அவை க்விக் என்ற புது முறையில் பேசுகின்றன. அதில் தொடக்கப் பொட்டலங்கள் 1200 பைட்டை ஒட்டிய அளவில்தான் இருக்கும், பெரிசாக்குவதற்கு முன் பாதையைச் சோதித்துக்கொள்ளும். வங்கித் தளத்துக்கு ஐபிவி6 முகவரியே இல்லை, ஆகவே அதற்கு இந்தத் தொல்லையும் இல்லை.

ஐபிவி4-இல் இதே 1492 குழாய்தானே, அங்கே ஏன் பிரச்சினை வரவில்லை என்று கேட்கலாம். ரவுட்டர் அங்கே ஒரு கைவேலை செய்கிறது. "இவ்வளவு பெரிசு வரை அனுப்பலாம்" என்று மடிக்கணினி சொல்லும் எண்ணை, போகிற போக்கில் குறைத்து எழுதிவிடும். என் ரவுட்டர் அதை ஐபிவி4-க்கு மட்டும் செய்தது, ஐபிவி6-க்குச் செய்யவில்லை. இந்த ரவுட்டரின் உண்மையான குறை இதுதான்.

தீர்வுக்கு வருவோம். முதலில் ரவுட்டரின் தடுப்புச் சுவரில் ஐபிவி6 அறிவிப்புகளை எல்லாம் திறந்துவிட்டேன். பலனில்லை. யோசித்தால் பலன் இருக்கவும் முடியாது. "பெரிசு" என்ற தகவல் போக வேண்டியது கம்பெனி முனையிலிருந்து தளத்துக்கு. என் ரவுட்டர் அந்தப் பாதையிலேயே இல்லை. பிறகு மடிக்கணினியில் மட்டும் பொட்டலத்தின் உச்ச அளவான MTU-வைக் குறைத்தேன்:

```
netsh interface ipv6 set subinterface "Wi-Fi" mtu=1280 store=persistent
```

1280 என்பது ஐபிவி6-இல் எந்த லைனும் கட்டாயம் தாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. மடிக்கணினி சரியானது. ஆனால் வீட்டிலுள்ள போன்களுக்கு எல்லாம் இப்படிக் கட்டளை போட முடியாது. ஒரு வாரம் கழித்து ரவுட்டரின் வீட்டுப் பக்க ஐபிவி6 அமைப்புகளில், கீழே ஒளிந்திருந்த மேம்பட்ட பகுதியில், MTU என்று ஒரு பெட்டி கண்ணில் பட்டது. 1500 என்று இருந்தது. 1492 என்று மாற்றினேன். ரவுட்டர் வீட்டுச் சாதனங்களுக்கு அவ்வப்போது அனுப்பும் அறிவிப்பில் இந்த எண்ணும் சேர்ந்து போகும். அதைக் கேட்டு ஒவ்வொரு போனும் தன் அளவைக் குறைத்துக்கொள்ளும், தளத்திடம் சொல்லும் எண்ணும் குறையும். வைஃபையைத் துண்டித்து இணைத்ததும் எல்லாம் திறந்தன. தங்கச்சி எட்டிப் பார்த்து, "இதுக்கா அண்ணே இவ்வளவு நாள்?" என்றாள். பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தச் சிக்கல் திரும்பவில்லை. ஒரே ஒரு தடவை ரவுட்டரை ரீசெட் பண்ணியபோது எண் மறுபடி 1500 ஆகியிருந்தது. இப்போது பெட்டியின் அடியில் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆனால் இதே மாதிரித் தெரியும் இன்னொரு கோளாறு ஏப்ரலில் வந்தது. அந்த மாதத்தில் பின்னேரம் இடி இடித்தால் அம்மா முதலில் பிடுங்குவது ரவுட்டர் பிளக்கைத்தான். பின் அறையில் இன்னொரு பழைய பெட்டியை வைஃபைக்காக மட்டும் வைத்திருக்கிறேன், அதை யாரும் பிடுங்குவதில்லை. ரவுட்டர் திரும்ப வரும்போது கம்பெனி புது ஐபிவி6 முகவரித் தொகுதி கொடுத்துவிடும். பின் அறை மடிக்கணினியின் வைஃபை அறுபடவே இல்லை, ஆகவே அது பழைய முகவரியையும் விடாமல் வைத்திருக்கும். பழையது செல்லாது என்று அதற்குச் சொல்ல யாரும் இல்லை. அந்த முகவரியிலிருந்து கேட்டால் பதில் வீடு வந்து சேராது.

இந்தத் தடவை உலாவி பெரும்பாலும் சமாளித்துக்கொண்டது, ஏனென்றால் தொடர்பே ஏற்படாததால் அது ஐபிவி4-க்குத் தாவிவிட்டது. தொங்கியவை அந்தப் புத்தி இல்லாத பழைய மென்பொருள்கள். `ipconfig` போட்டுப் பார்த்தால் தொடக்கம் வேறுவேறான இரண்டு வகை ஐபிவி6 முகவரிகள் தெரியும், அதுதான் அடையாளம். வைஃபையை அணைத்துப் போட்டால் போய்விடும். முகவரிகள் எவ்வளவு நேரம் செல்லும் என்ற அளவை ரவுட்டரில் குறைத்து வைத்தேன், அதன் பிறகு அதிகம் போனால் அரை மணி நேரத் தொல்லை. அம்மாவிடம் பின் அறைப் பெட்டியையும் சேர்த்துப் பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்த ரவுட்டரை வாங்கலாமா என்று கேட்டால், உங்கள் லைனில் PPPoE இல்லாவிட்டால் தாராளமாக வாங்கலாம். இருந்தால், கடையிலேயே அந்த MTU பெட்டி இருக்கிறதா என்று திறந்து காட்டச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.