கரைவலைப் படத்தை வார்லி உருவங்களாக்க எந்த வழி நல்லது?

உப்புவெளிக் கடற்கரையில் விடியக்காலை எடுத்த படம் அது. ஏழு பேர் கரைவலைக் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து இழுக்கிறார்கள். இதை எங்கள் விறாந்தைச் சுவரில் வார்லி பாணியில் தீட்ட ஆசைப்பட்டேன். மகாராஷ்டிராவின் வார்லி மக்கள் காவி பூசிய மண்சுவரில் அரிசிமாக் கரைசலால் வரைவது இந்த ஓவியம். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு நுனியோடு நுனி தொடும் இரண்டு முக்கோணம், கைகால்களுக்குக் கோடுகள். நம் மாக்கோலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தூரத்துச் சொந்தம் மாதிரித்தான் தெரியும்.

படத்திலிருந்து இந்த உருவங்களுக்கு வர மூன்று வழிகளைப் பார்த்தேன்.

கணினி வழியை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். Inkscape என்ற வரையும் மென்பொருளில் படத்தைப் போட்டு Trace Bitmap கொடுத்தால் இருட்டான பகுதிகளின் வெளிக்கோடு வந்துவிடும். ஆனால் காலை வெயிலில் மணலில் நீண்டு விழுந்த நிழலும் காலும் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொண்டன. Simplify கொடுத்தால் வளைவுகள் மழுங்குமே தவிர, முக்கோணம் பிறக்காது. எது தோள், எது இடுப்பு என்று அதற்குத் தெரியாது.

இரண்டாவது, பிரதி எடுக்கும் வழி. படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு, மேலே ட்ரேசிங் தாள் வைத்து, ஒவ்வோர் ஆளின் உருவத்துக்குள்ளும் முக்கோணங்களைப் பொருத்துவது. கலியாண வீட்டில் வரிசையாக நின்று எடுத்த படத்துக்கு இதையே சொல்வேன். உயர வித்தியாசம், யார் பக்கத்தில் யார் என்பதெல்லாம் மாறாமல் வரும். இழுக்கிறவர்களுக்கு இது சரிவரவில்லை. காரணம் அவர்கள் கட்டியிருந்த சாரம். சாரத்தின் அகலத்துக்குக் கீழ் முக்கோணத்தைப் போட்டதும், கால் எந்தப் பக்கம் ஊன்றியிருக்கிறது என்பது மறைந்துவிட்டது. அக்காவின் மகள் பார்த்துவிட்டு, “எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிறாங்களா, சின்னம்மா?” என்று கேட்டாள். அவள் கேட்டது சரிதான்.

மூன்றாவது, முதுகுக் கோட்டு வழி. இதில் உருவத்தின் வெளிக்கோட்டைப் பார்க்கவே கூடாது. ஒவ்வோர் ஆளுக்கும் தலை, இரு தோளின் நடு, இடுப்பு, இரு குதிகால் என்று புள்ளி வைத்தேன். பிறகு படத்தின் மேல் ஒரு நூலைக் குதிகாலிலிருந்து தலைவரை இழுத்துப் பிடித்து, பாகைமானியால் சாய்வை அளந்தேன். முன்னால் நிற்பவர் நேர்நிலையிலிருந்து ஏறக்குறைய 35 பாகை சாய்ந்திருந்தார். நின்று பார்த்தபோதுகூட இவ்வளவு சாய்வு என்று நான் நினைக்கவில்லை.

இங்கே ஒரு பிழை எளிதாக வரும். சாய்வு முழுவதையும் மேல் முக்கோணத்துக்கே கொடுத்தால் ஆள் ஆடுவது போல் ஆகிவிடும். இழுக்கிறவரின் பாரம் குதிகாலில் இருக்கிறது. ஆகவே இரண்டு முக்கோணமும் ஒரே நூலில் சாய வேண்டும். கால்கள் முன்னே ஊன்ற, இடுப்பு அவற்றுக்குப் பின்னால் விழ வேண்டும்.

படத்தில் 6 சென்ரிமீற்றர் உயரமாக இருந்தவரைச் சுவரில் 24 சென்ரிமீற்றர் ஆக்கினேன்: தலை 3, கழுத்து 1, மேல் முக்கோணம் 7, கீழ் முக்கோணம் 5, கால் 8. தூரத்தில் நின்றவர்கள் படத்தில் சின்னதாகத் தெரிந்தாலும் எல்லாருக்கும் இதே அளவுதான். வார்லியில் தூரம் என்பதற்காக ஆளைச் சின்னதாக்குவதில்லை. மூன்றாமவருக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தவருக்கும் கயிற்றில் தனி இடம் கொடுத்தேன். பிரதி வழியில் அவர் ஒரு தலையும் ஒரு கையுமாகவே மிஞ்சியிருந்தார்.

சுவரில் முதலில் சோக்கட்டியால் கயிற்றை மட்டும் வரையுங்கள். அதில் பதினான்கு கைகளுக்கும் புள்ளி வையுங்கள், அப்புறம் இடுப்புகள், கடைசியில் முக்கோணங்கள். கைக்கோடு மேல் முக்கோணத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் புறப்பட வேண்டும்; நடுவிலிருந்து புறப்பட்டால் தோள் கழன்றது போலிருக்கும். இடுப்பில் நுனிகள் தொட்டால் போதும். வெள்ளை அங்கே தடித்தால் மெலிவு போய், உடம்பு மரக்கட்டையாகிவிடும்.

அரிசிமாவுக்குப் பதில் வெள்ளை இமல்ஷன் பெயின்ட்தான் எடுத்தேன். கடல்காற்று ஈரத்தில் மா பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும்.

படத்தின் ஓரத்தில், இழுத்த கயிற்றை ஒரு பையன் மணலில் சுருட்டிக்கொண்டிருந்தான். பிரதி எடுத்தபோது அது ஒரு கறுப்புக் குவியல். முதுகுக் கோட்டு வழியில் அவனைக் குந்தவைத்து, கயிற்றை அவன் கையிலிருந்து ஐந்து சுற்றுச் சுருளாக விட்டேன். அக்காவின் மகள் விரலால் அந்தச் சுருளைத் தொடர்ந்துபோய், ஏழு பேரையும் தாண்டி, கடல் பக்கம் வலையின் மடியில் கொண்டுபோய் நிறுத்தினாள்.