பழைய செயின் பொக்லைன் வாங்கப் போகிறவர்களே, ஆயில் சூடாகும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்

போன வருடம் ஆடி முடிந்த கையோடு 20 டன் செயின் பொக்லைன் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 2014 மாடல், பேசி முடித்த விலை 21 லட்சம். வாங்கிய நாலாவது நாளே என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. விற்றவர் பெயரையோ புரோக்கர் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். அந்த வழி தெரிந்தால் உங்கள் பணம் தப்பிக்கும்.

வண்டி பார்க்கக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். “வெயிலுக்கு முன்னாடி வந்துடுங்கண்ணே, பதினோரு மணிக்கு வேற பார்ட்டி வருது” என்றார் புரோக்கர். போனோம். ஸ்டார்ட் பண்ணி, பூமைத் தூக்கி இறக்கி, இரண்டு சுற்று சுற்றிக் காட்டி, சிமெண்டுத் தரையில் பத்தடி முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார்கள். மொத்தமே இருபது நிமிடம். புது பெயின்ட், புது சீட் கவர். மீட்டரில் 6,800 மணி நேரம். எனக்குத் திருப்தியாக இருந்தது, அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அந்த இருபது நிமிடத்தில் ஆயில் சூடாகவே இல்லை. நான் ஏமாந்த இடம் அதுதான். இந்த வண்டியில் எல்லா வேலையையும் ஆயில்தான் செய்கிறது. இன்ஜின் இரண்டு பெரிய பம்புகளைச் சுற்றுகிறது. 20 டன் வண்டியில் ஒவ்வொரு பம்பும் நிமிடத்துக்கு 200 லிட்டர் அளவுக்கு ஆயிலைத் தள்ளும். அந்த ஆயில் கன்ட்ரோல் வால்வு வழியாகப் பூம், ஆர்ம், பக்கெட் ஜாக்கிகளுக்கும், மேல்பாகத்தைத் திருப்பும் ஸ்விங் மோட்டாருக்கும், இரண்டு செயின்களையும் ஓட்டும் டிராவல் மோட்டார்களுக்கும் போகிறது. உள்ளே தேய்மானம் இருந்தால் பிரஷர் ஆயில் இடுக்கு வழியாகக் கசிந்து வேலை செய்யாமலே டேங்குக்குத் திரும்பிவிடும். ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது கசிவு குறைவு. 50, 60 டிகிரிக்குப் போய் நீர்த்துவிட்டால் அதே இடுக்கில் நிறையக் கசியும். அதனால்தான் காலையில் நன்றாக ஓடும் தேய்ந்த வண்டி மதியம் படுத்துவிடுகிறது.

முதல் வேலை அரூர் பக்கம் ஒரு பண்ணைக் குட்டை. பத்து மணிவரை ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டு மணிக்குக் குட்டைக்குள்ளிருந்து சரிவில் ஏறும்போது வண்டி வலப்பக்கமாக இழுத்தது. இரண்டு லீவரையும் முழுக்கத் தள்ளியும் நேராகப் போகவில்லை. “தம்பி, வலது செயின் பின்தங்குது, இடது செயின்தான் இழுத்துட்டுப் போகுது” என்றார் ஆபரேட்டர் அண்ணன். எந்தப் பக்கம் மெதுவாக ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி திரும்பும். அவர் சொன்னது சரிதான்.

விற்றவருக்கு போன் போட்டேன். அவரே ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். அவர் வந்து இரண்டு லீவரையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “பைலட் வால்வு போயிடுச்சு, மாத்தணும்” என்றார். பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கவே இல்லை. 38,000 ரூபாய்க்கு வால்வு மாற்றினோம். மறுநாள் மதியம் அதே இழுப்பு.

பைலட் என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்திருக்க மாட்டேன். கேபினில் நாம் பிடிக்கிற லீவருக்கும் பெரிய கன்ட்ரோல் வால்வுக்கும் நடுவே கம்பியோ ராடோ கிடையாது. மெயின் பம்பில் 350 கிலோ பிரஷர் வரை வரும், அதைக் கையால் கட்டுப்படுத்த முடியாது. அதற்கென்று தனியாக ஒரு குட்டி கியர் பம்ப் 40 கிலோ அளவில் ஆயில் கொடுக்கிறது. அதுதான் பைலட் லைன். லீவரை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவு பைலட் பிரஷர் போய், பெரிய வால்வுக்குள் இருக்கும் ஸ்பூலை அதன் ஸ்பிரிங்குக்கு எதிராகத் தள்ளுகிறது. ஸ்பூல் திறக்கும் அளவுக்குத்தான் மெயின் ஆயில் மோட்டாருக்குப் போகும். இரண்டு விரலால் லீவரைக் கொஞ்சமாக அசைத்து பக்கெட் பல்லை அங்குலக் கணக்கில் இறக்க முடிவது இதனால்தான். ஆக, பைலட்தான் கோளாறா என்று தெரிய இடது, வலது இரண்டு டிராவல் பைலட் லைனிலும் கேஜ் மாட்டி லீவரை முழுக்கத் தள்ளினால் போதும். இரண்டும் ஒரே அளவு காட்டினால் அதில் பழுதில்லை. பதினைந்து நிமிட வேலை. பிறகு சேலத்திலிருந்து நானே கூட்டி வந்த பெரியவர் முதலில் செய்தது அதைத்தான். இரண்டு பக்கமும் 36 கிலோ. முதல் மெக்கானிக் கழற்றி வைத்திருந்த பழைய வால்வையும் பெரியவர் திரும்ப மாட்டிப் பார்த்தார். அதிலும் அதே 36. நல்ல வால்வைத்தான் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்து அவர் செய்த சோதனையை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பம்ப் இருப்பது மேல்பாகத்தில், டிராவல் மோட்டார் இருப்பது கீழே செயின் ஃபிரேமில். மேல்பாகம் சுற்றிக்கொண்டே இருப்பதால் ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, நடுவில் சென்டர் ஜாயின்ட் என்ற ஒரு உருளை வழியாக ஆயில் கீழே இறங்குகிறது. இன்ஜினை நிறுத்தி, பிரஷரை முழுதாக இறக்கிவிட்டு, அந்த ஜாயின்டுக்குக் கீழே இடது மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களை வலதுக்கும், வலதுக்குப் போவதை இடதுக்கும் மாற்றிப் போட்டார். பின்தங்கும் பக்கம் இப்போது இடதாக மாறினால் குறை மேலே, அதாவது பம்பிலோ வால்விலோ சென்டர் ஜாயின்டிலோ. மாறாமல் வலதே பின்தங்கினால் வலது மோட்டாரிலேயே. ஓட்டினோம். வலதே பின்தங்கியது.

உறுதி செய்ய மோட்டாரின் டிரெய்ன் லைனைப் பார்த்தார். மோட்டாருக்குள் கசியும் ஆயில் ஒரு சிறிய ஹோஸ் வழியாகத் தனியாக டேங்குக்குத் திரும்பும். செயின் சுற்றாதபடி ஸ்ப்ராக்கெட்டைக் கட்டை கொடுத்துத் தடுத்துவிட்டு, ஆயில் சூடாக இருக்கும்போது லீவரை முழுக்கத் தள்ளி அந்த ஹோஸை டிரம்முக்குள் விட்டார். அரை நிமிடம் பிடித்தோம். நிமிடக் கணக்கில் இடது மோட்டார் 9 லிட்டர், வலது 34 லிட்டர். வலது மோட்டாரைப் பிரித்தபோது உள்ளே பிஸ்டன் ஷூக்களின் பித்தளை முகம் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. ஸ்ப்ராக்கெட் பக்கம் அனுபவம் இல்லாதவர்கள் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. கட்டை நழுவினால் ஆள் போய்விடுவார்.

டேங்க் ஆயிலையும் பெரியவர் விரலில் தேய்த்துப் பார்த்தார். “இது ஹைட்ராலிக் ஆயில் இல்லப்பா, கியர் ஆயில் கலந்திருக்கு” என்றார். எங்கள் வண்டிக்கு 46 கிரேடு ஊற்ற வேண்டும். இது அதைவிடத் தேன் போலக் கெட்டியாக வடிந்தது. காலை நேரத்தில் கசிவு தெரியக் கூடாது என்பதற்காகவே கெட்டி ஆயில் கலந்திருக்கிறார்கள். இருநூறு லிட்டருக்கு மேல் ஆயிலை வடித்து, ஃபில்டர்களை மாற்றி, சரியான ஆயில் ஊற்றினோம். அது தனிச் செலவு.

எனக்கு அதிகம் மனம் நொந்தது ஸ்விங் பேரிங்கில்தான். இது மேல்பாகத்தைச் செயின் ஃபிரேமோடு இணைக்கும் பெரிய வளையம். எங்கள் வண்டியில் உள்வளையம் கீழ் ஃபிரேமில் போல்ட் போட்டிருக்கிறது, அதன் உட்பக்கம் பல் வெட்டியிருக்கிறது. வெளிவளையம் மேல்பாகத்தில். இரண்டுக்கும் நடுவே பால்கள். ஸ்விங் மோட்டாரின் பினியன் அந்தப் பல்லைப் பிடித்து நடக்க, மேல்பாகம் மொத்தமும் திரும்புகிறது. தோண்டும்போது ஆர்ம் மண்ணை இழுக்கும் இழுப்பு பூம் வழியாக இந்த வளையத்துக்கு வந்து, அங்கிருந்து செயினுக்குப் போய்த் தரையில் இறங்குகிறது. நிரம்பிய பக்கெட்டை நீட்டிப் பிடித்தால் முன்பக்கம் அழுந்தும், எதிர்ப்பக்கம் கவுன்ட்டர்வெயிட் இழுக்கும். அந்த வளைக்கும் பளு முழுவதையும் தாங்குவது இந்த ஒரு வரிசைப் பால்கள்தான். அது தேய்ந்தால் மேல்பாகம் ஆடும், பக்கெட் பல் நாம் வைத்த இடத்தில் நிற்காது.

எங்கள் வண்டியில் நிரம்பிய பக்கெட்டோடு திரும்பி நிற்கும்போது சீட்டுக்கு அடியில் ‘கட்’ என்று ஒரு சத்தம். பேரிங்கைச் சுற்றிப் புது கிரீஸ் அப்பியிருந்தது. அதைத் துணியால் வழித்து எடுத்தோம். போல்ட் தலைகளில் பெயின்ட் விரிசல் விட்டிருந்தது, நாலு போல்ட்டுகளைக் கையாலேயே திருப்ப முடிந்தது. பல் இருக்கும் உட்பக்கத்திலிருந்து கிரீஸ் எடுத்து வெயிலில் காட்டினேன். கட்டைவிரலில் வெள்ளி ஜிகினா போல இரும்புத் துகள் மின்னியது.

பிறகு பேரிங் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க டயல் கேஜை மேக்னட்டால் முன்பக்கம் ஒட்டினோம். பக்கெட்டைத் தரைக்குச் சற்று மேலே நீட்டிப் பிடித்து ஊசியை பூஜ்யத்தில் வைத்தோம். அப்புறம் ஆர்மைச் செங்குத்தாக்கி பூமை இறக்கி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, செயினின் முன்பக்கம் மண்ணைவிட்டு எழும்பும்வரை அழுத்தினோம். ஊசி 4 மில்லிமீட்டர் நகர்ந்தது. இந்த அளவு வண்டிகளில் புதிதில் ஒன்றரை மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும். மூன்றைத் தாண்டினால் பேரிங்கை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். மாடலுக்கு மாடல் வரம்பு மாறும், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் எண் போட்டிருக்கும்.

அதனால் வண்டி பார்க்க மதியம் போங்கள். உங்கள் ஆபரேட்டரைக் கூட்டிப் போய் ஒன்றரை மணி நேரமாவது உண்மையாக மண் தோண்டச் சொல்லுங்கள். ஆயில் சூடான பிறகு இருபது மீட்டர் நேராக, ஸ்பீடு இரண்டில் ஓட்டி செயின் தடத்தைப் பாருங்கள், வளைகிறதா என்று. அப்புறம் பக்கெட்டை ஊன்றி ஒரு பக்கச் செயினைத் தரையை விட்டுத் தூக்கி, அது மூன்று சுற்று சுற்ற எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுங்கள். மறுபக்கமும் அதேபோல். இரண்டு எண்ணும் நெருக்கமாக இருக்க வேண்டும். எங்கள் வண்டியில் பிறகு எண்ணிப் பார்த்தபோது வலது ஏழு நொடி அதிகம். “அவ்வளவு நேரம் டீசல் எரிக்க முடியாது” என்று விற்பவர் சொன்னால் டீசல் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

விற்றவர் இப்போது என் போனை எடுப்பதில்லை. நாங்கள் பேசியது எல்லாம் வாய்வார்த்தை. எழுதிக்கொடுத்த தாளில் “உள்ளது உள்ளபடி” என்று மட்டுமே இருக்கிறது, அதனால் வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மோட்டாரை உள்பாகம் மாற்றி மாட்டிவிட்டோம், செயின் இப்போது நேராக ஓடுகிறது. பேரிங்குக்கு இன்னும் பணம் சேரவில்லை. போல்ட்டுகளைப் புதிதாக்கி டார்க் வைத்து இறுக்கி, பக்கெட்டை முக்கால் மட்டுமே நிரப்பி ஓட்டுகிறோம். மாதம் ஒருமுறை டயல் கேஜ் வைக்கிறேன். போன வாரம் 4.2.